‘கோடிங் கத்துக்கணும், எது பெஸ்ட்?’

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் கல்யாண வீட்டுக்குப் போனால் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே கேட்டுவிடுவார்: “கோடிங் கத்துக்கணும் தம்பி, எது பெஸ்ட்?” கேட்பவருக்கு வயது பதினாறாகவும் இருக்கலாம், நாற்பத்தாறாகவும் இருக்கலாம். தனக்காகக் கேட்கலாம், மகளுக்காகவும் கேட்கலாம். எதற்காகக் கற்க வேண்டும், இதுவரை என்ன தெரியும், வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், எந்த மொழியில் எழுதவும் படிக்கவும் விருப்பம் என்ற நான்கில் ஒன்றுகூடக் கேள்வியில் இருக்காது.

ஆனாலும் பதில் உடனே வந்துவிடும். கல்லூரியில் சி மொழியில் தொடங்கியவர், “சி-ல ஆரம்பிங்க, அடித்தளம் பலமா இருக்கும்” என்பார். இணையதளம் கட்டிச் சம்பாதிப்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்பார். புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டுபவர் பைத்தான் என்பார். ஒரு வகுப்பில் காசு கட்டிப் படித்து வேலை வாங்கியவர் அந்த வகுப்பின் பெயரையே சொல்வார். நால்வரும் பொய் சொல்லவில்லை. கேட்டவரைப் பற்றி ஒன்றும் தெரியாததால், தங்களுக்குத் தெரிந்த ஒரே மாணவனை மனதில் வைத்துப் பதில் சொல்கிறார்கள். அந்த மாணவன் அவர்களேதான். கேட்டவர் கையில் கிடைப்பது இன்னொருவரின் வாழ்க்கை வரலாறு. அதைப் பாடத்திட்டம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்.

கணினி உலகின் பெரியவர்களே இந்த விஷயத்தில் மோதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் 1964-ல் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். இலக்கியமும் வரலாறும் படிக்கும் மாணவர்களும் கணினி முன் உட்கார்ந்து சில மணி நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்துபார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பதினோரு வருடம் கழித்து, நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா பேசிக்கை வெளுத்து வாங்கினார். முதலில் பேசிக் படித்துவிட்ட மாணவருக்கு அதற்குப் பிறகு நல்ல நிரல் எழுதச் சொல்லித்தருவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்கிற அளவுக்கு எழுதினார். யார் சொன்னது சரி? கெமெனியும் கர்ட்ஸும் நினைத்தது, வாழ்நாளில் நிரலாளர் ஆகப்போகாத ஒரு வரலாற்று மாணவரை. டைக்ஸ்ட்ரா நினைத்தது, கணித ஒழுங்கோடு பெரிய நிரல்களைக் கட்டப்போகும் ஒருவரை. இருவர் முன்னாலும் இருந்த ஆள் வேறு.

மற்ற மொழிகளின் பிறப்பும் இப்படித்தான். சுவிட்சர்லாந்தின் நிக்லஸ் விர்த் 1970-ல் பாஸ்கலைக் கொண்டுவந்தது, பல்கலைக்கழக மாணவருக்கு ஒழுங்கான நிரலாக்கம் சொல்லித்தர. எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து 2007-ல் வெளிவந்த ஸ்கிராட்ச், எட்டிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆள் யார் என்று தெரிந்த பிறகுதான் வழி பிறந்திருக்கிறது.

அப்படி ஓர் ஆளை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்காளர். முப்பத்தைந்து வயது இருக்கும். பி.காம். படித்தவர், டாலியும் எக்செல்லும் அவருக்குக் கைவந்த வேலை. சித்தி மகன் கோவையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் கேட்கிறார்: “கோடிங் கத்துக்கலாம்னு இருக்கேன் தம்பி, எதுல ஆரம்பிக்கிறது?” அவன், “பைத்தான் படிங்கக்கா, ஈஸிதான்” என்று சொல்லி நாற்பது மணி நேர வீடியோ வகுப்பு ஒன்றின் இணைப்பை அனுப்பிவைக்கிறான்.

பதில் தவறில்லை. ஆனால் பாதி வெந்தது. மூன்று வாரம் கழித்து அக்கா வீடியோவில் ஒன்பதாவது மணி நேரத்தில் நிற்பார். அங்கே யாரோ ஒருவர் ‘நாய்’, ‘பூனை’ என்று கிளாஸ் எழுதிக் காட்டிக்கொண்டிருப்பார். தன் மேஜைக்கும் அந்த நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் அக்கா வீடியோவை நிறுத்துவார். “நமக்கு வராது போல” என்று முடிவு கட்டுவார்.

தம்பி ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்கலாம். ‘உங்க லட்சியம் என்னக்கா’ என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு அதற்குப் பதில் தெரியாது. “இப்ப ஆபீஸ்ல கையால செய்யுற வேலையில எது உயிரை எடுக்குதுங்கக்கா?” என்பதுதான் கேட்க வேண்டியது. இதற்குப் பதில் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார்.

ஜிஎஸ்டியில் மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு சிக்கலான வாரம் உண்டு. சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல், ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பெயரில், மாதம் 14-ம் தேதி வரும். வரியைக் கட்டி 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. நடுவில் உள்ள ஆறு நாளில் நிறுவனத்தின் கொள்முதல் பதிவேட்டையும் 2பி பட்டியலையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். 2பி-யில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. கழித்தால் பின்னால் நோட்டீஸ் வரும், வட்டி கட்ட வேண்டியிருக்கும். நூல் கடை, சாயப்பட்டறை, எலாஸ்டிக் கடை, அட்டைப்பெட்டிக்காரர் என்று மாதம் நானூறு பில் இருந்தால், அக்காவுக்கு அந்த ஆறு நாளும் வீட்டுக்குப் போக இரவு ஒன்பது ஆகும்.

இது வெளியே வந்ததும் தம்பிக்கு முதலில் தோன்ற வேண்டியது பைத்தான் அல்ல. இந்த வேலைக்கு நிரல் தேவையா என்பதுதான். டாலியின் புதிய பதிப்புகளிலேயே 2பி-யை ஒப்பிடும் வசதி இருக்கிறது. கம்பெனியில் இருப்பது பழைய பதிப்பா, உரிமம் புதுப்பிக்கப்படவில்லையா, வசதி இருந்தும் யாரும் திறந்து பார்க்கவில்லையா என்று விசாரிக்க வேண்டும். பலருடைய ‘கோடிங் ஆசை’ இந்த இடத்திலேயே நியாயமாக முடிந்துவிடும். இருக்கிற மென்பொருளில் ஒரு பொத்தானைத் தெரிந்துகொண்டால் போதும் என்பவருக்கு ஆறு மாதப் படிப்பைப் பரிந்துரைப்பது அநியாயம். குறிக்கோளைச் சொல்லாமல் கேட்பதில் இருக்கும் பெரிய நஷ்டம் இதுதான். தப்பான மொழியில் தொடங்குவதைவிட, தேவையே இல்லாத ஒன்றில் இறங்குவது நேரத்தை அதிகம் தின்னும்.

அக்கா அந்த வசதியைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நானூறு பில்லில் பெரும்பாலானவை பொருந்திவிடுகின்றன. மிச்சம் அறுபது, எழுபது தொங்குகின்றன. காரணம் ஒன்றுதான்: நூல் கடைக்காரர் தாக்கலில் போட்ட பில் எண் `KT-045-2425`, கம்பெனிப் பதிவேட்டில் பையன் தட்டச்சு செய்தது `kt/045/24-25`. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. இந்த எழுபதைத்தான் அவர் வருடக்கணக்கில் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவருகிறார். இது நிரல் எழுதித் தீர்க்கக்கூடிய, அளவில் சிறிய, எல்லை தெரிந்த வேலை. கற்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் அமையாது.

அடுத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது. ‘ஒண்ணும் தெரியாதுங்க தம்பி’ என்றுதான் அக்கா சொல்வார், நம்பக் கூடாது. அவருடைய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு கட்டத்தில் இப்படி இருக்கும்:

```
=UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(A2,"/",""),"-",""))
```

சாய்கோட்டை நீக்கு, வந்ததில் சிறுகோட்டை நீக்கு, வந்ததைப் பெரிய எழுத்தாக்கு. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் ஊட்டும் இந்த யோசனைதான் நிரலாக்கத்தில் புதியவர்கள் பலர் தடுமாறும் இடம். அக்கா அதை யாரும் சொல்லித்தராமல் தாண்டி வந்திருக்கிறார். அவர் தினமும் போடும் `IF` பைத்தானிலும் `if` தான். `VLOOKUP` போட்டு ஒரு பட்டியலில் தேடத் தெரிந்தவருக்குப் பைத்தானின் டிக்ஷனரி புதுசாக இருக்காது. சூத்திரத்தை நானூறு வரிக்கும் இழுத்துவிடுவதைத்தான் `for` சுழற்சி செய்கிறது. ஆகவே பொது வகுப்புகளின் முதல் சில பாடங்களை அவர் வேகமாகப் புரட்டிவிடலாம். அவருக்குத் தெரியாதவை வேறு: கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்வது, பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிப்பது, ஒரு வேலைக்குப் பெயர் வைத்துத் தனியே ஒதுக்குவது. ‘ஆரம்பநிலை’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த வித்தியாசம் எதுவும் வெளியே தெரியாது.

அதே யோசனை பைத்தானில் இப்படி வரும்:

```python
def clean(bill):
    result = ""
    for ch in str(bill).upper():
        if ch.isalnum():
            result = result + ch
    return result

print(clean("kt/045/24-25"))
print(clean("KT-045-2425"))
```

பில் எண்ணைப் பெரிய எழுத்தாக்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, எழுத்தோ எண்ணோ என்றால் மட்டும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு வரிக்கும் `KT0452425` என்றே விடை வரும். எக்செல் சூத்திரம் சாய்கோட்டையும் சிறுகோட்டையும் மட்டும்தான் நீக்கும். நடுவில் யாராவது ஓர் இடைவெளியோ புள்ளியோ போட்டிருந்தால் இன்னொரு `SUBSTITUTE` சேர்க்க வேண்டும். இது எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் சூ சென்டன்ஸும் அவருடைய சகாக்களும் பள்ளி வகுப்புகளுக்காக வகுத்த முறை ஒன்று இந்த இடத்தில் உதவும். நிரலை ஓட்டுவதற்கு முன் விடை என்ன வரும் என்று சொல்ல வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏன் அப்படி வந்தது என்று துருவ வேண்டும், சிறிது மாற்ற வேண்டும். கடைசியில்தான் சொந்தமாக எழுத வேண்டும். அக்காவிடம் தம்பி, `clean("KT/1/12")` என்ன தரும், `clean("KT/11/2")` என்ன தரும் என்று தாளில் எழுதச் சொல்கிறான் என்று வையுங்கள். இரண்டுக்கும் `KT112` என்று எழுதிய மறுகணம் கணக்காளருக்குப் பகீர் என்றாகும். அவை இரண்டு வெவ்வேறு பில்கள். கோடுகளை நீக்கியதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இல்லாத பில்லுக்கு வரி கழிக்க நிரலே வழி செய்துவிடும்.

இந்தத் தவற்றைச் சாஃப்ட்வேர்க்காரத் தம்பியைவிட அக்கா சீக்கிரம் பிடிப்பார். தீர்வும் அவரிடமே இருக்கிறது: பில் எண் மட்டும் பொருந்தினால் போதாது, சப்ளையரின் பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண்ணும் வரித் தொகையும் சேர்ந்து பொருந்த வேண்டும். இதற்கு நேர்மாறான ஓட்டையும் உண்டு. ஒரு பக்கம் `KT/045`, இன்னொரு பக்கம் `KT/45` என்று இருந்தால் `clean` உதவாது, முன்னால் நிற்கும் பூஜ்யம் இடிக்கும். பூஜ்யத்தை நீக்கும் வேலையை இதோடு சேர்ப்பதா, அல்லது அந்த மாதிரி பில்களைக் கண்ணால் பார்க்க ஒதுக்கிவைப்பதா என்பதை அவருடைய சப்ளையர்களின் வழக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எந்த வீடியோவிலும் அது இருக்காது.

எக்செல்லே செய்யும் குறும்பு ஒன்றும் இருக்கிறது. `3-24` என்று பில் எண் அடித்தால் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். `0045` என்று அடித்தால் 45 ஆக்கிவிடும். இது கணக்காளர்களின் தலைவலி மட்டுமல்ல. மரபணு ஆய்வாளர்கள் `MARCH1`, `SEPT1` என்று பெயர் வைத்திருந்த மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றி மாற்றி, கடைசியில் 2020-ல் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. கோப்பில் அப்படிக் கெட்டுப்போன எண்ணை எந்த மொழியில் நிரல் எழுதினாலும் மீட்க முடியாது. பில் எண் வரும் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று வைத்துவிட வேண்டும். ஆக, அக்காவின் முதல் திருத்தம் நிரலில் இல்லை. பதிவேடு அடிக்கும் பையனுக்குச் சொல்வதில் இருக்கிறது.

நேரம் என்ற கேள்விக்கு ‘வாரம் ஆறு மணி நேரம் கிடைக்கும்’ என்பது அக்காவின் பதிலாக இருந்தால், அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11-க்குள் போக வேண்டும், 14-ல் 2பி வருகிறது, 20-ல் 3பி. ஆகவே 9-ம் தேதியிலிருந்து 20 வரை புத்தகத்தைத் தொடவே முடியாது. மீதி இரண்டரை வாரம். மாதத்துக்குப் பதினைந்து மணி நேரம், மூன்று மாதத்துக்கு நாற்பத்தைந்து. ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளம் தன் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரம் என்று நெடுநாள் குறிப்பிட்டுவந்தது. அக்காவின் கணக்கில் அது இருபது மாதம். ஹார்வர்டின் புகழ்பெற்ற சிஎஸ்50 வகுப்புக்கு வாரம் 6 முதல் 18 மணி நேரம் தேவைப்படும் என்கிறார்கள். அருமையான வகுப்பு, ஆனால் முதலில் ஸ்கிராட்ச், பிறகு சி, அதற்கப்புறம்தான் பைத்தான். நாற்பத்தைந்து மணி நேரத்தில் அக்கா சி மொழியின் நினைவக முகவரிகளோடு போராடிக்கொண்டிருப்பார், எழுபது பில்லும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாற்பத்தைந்து மணி நேரத்துக்குள் அடங்கும் வழி வேறு மாதிரி இருக்கும். முதல் மாதம் முழுக்க `clean` போன்ற சின்னச் சின்ன வேலைகள். கோப்பே வேண்டாம், பத்துப் பில் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்துப் பார்த்தால் போதும். இரண்டாவது மாதம் எக்செல் கோப்பைப் படிக்க வைப்பது. இங்கே ஒரு வாரம் வீணாகும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். 2பி கோப்பில் தலைப்பு முதல் வரியில் இருக்காது; மேலே பல வரிகள், இணைத்த கட்டங்கள். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பு அதைப் படித்துப் பத்திகளுக்கு `Unnamed: 0`, `Unnamed: 1` என்று பெயர் வைத்துத் தரும். தெரியாதவர் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைப்பார். தலைப்பு எந்த வரியில் தொடங்குகிறது என்று சொன்னால் சரியாகிவிடும். மூன்றாவது மாதம் ஒப்பிடுவது. அதையும் நடப்பு மாதக் கோப்பில் செய்யக் கூடாது. கையால் சரிபார்த்துத் தாக்கலும் முடிந்துபோன பழைய மாதத்தை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். விடை கையில் இருப்பதால் நிரல் எங்கே தப்புகிறது என்று உடனே தெரியும்.

ஒரு வகுப்பைப் பார்த்து முடிப்பதும் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2001-ல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, நான்கு பல்கலைக்கழகங்களில் தொடக்க நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். சாதாரணக் கால்குலேட்டர் போன்ற ஒரு நிரலை எழுத வேண்டும். மொத்தம் 110 மதிப்பெண். சராசரியாக அவர்கள் எடுத்தது ஏறக்குறைய 23. முழுநேர மாணவர்கள், பேராசிரியர்கள், தேர்வுகள் எல்லாம் இருந்தும் இதுதான் நிலை. மூன்று வருடம் கழித்து ரேமண்ட் லிஸ்டர் குழு நடத்திய இன்னொரு ஆய்வில், எழுதுவது ஒருபுறம் இருக்கட்டும், பிறர் எழுதிய சிறு நிரலைப் படித்து என்ன விடை வரும் என்று சொல்வதே பலருக்குக் கடினமாக இருந்தது தெரியவந்தது. தாளில் விடையை முன்கூட்டியே எழுதச் சொல்லும் பயிற்சியின் அருமை இங்கேதான் புரியும். அக்கா தன் நிலைமையைத் தானே சோதிக்கவும் எளிய வழி உண்டு. ஒரு வாரம் பார்த்த பாடத்தை மூடிவைத்துவிட்டு, வெறும் கோப்பைத் திறந்து, `clean` என்ற ஆறு வரியை நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போவதில் பயனில்லை.

மொழி கடைசியில்தான் வருகிறது. ஆனால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அக்காவுக்குப் பைத்தான் பொருந்துவது அது ‘ஈஸி’ என்பதால் அல்ல. எக்செல் கோப்புகளைக் கையாள அதில் நல்ல தொகுப்புகள் இருப்பதால். அலுவலகக் கணினியில் புது மென்பொருள் நிறுவ முதலாளி அனுமதிக்கவில்லை என்றால் எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி அல்லது விபிஏ தான் சரி. கணக்கெல்லாம் கூகுள் ஷீட்டில் என்றால், அதற்குள் எழுத வேண்டியது ஜாவாஸ்கிரிப்ட். கேள்வி அதேதான், விடை மூன்று.

எந்தப் பேச்சுமொழியில் படிப்பது என்பதையும் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும் வீடியோ புரியாமல் விட்டவர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் ‘கோடிங் புரியலை’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழ்வழியிலும் சொல்லித்தருகிறது. இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பள்ளிப் புத்தகம்தானே என்று பெரியவர்கள் அதைத் தீண்டுவதில்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலும் தமிழில் குரல் கொடுத்த பாடங்கள் இருக்கின்றன. பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அதில் அடிக்கடி தலைகாட்டும் `NameError`, `KeyError`, `FileNotFoundError` போன்ற நாலைந்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

இதே கேள்வியை வேறு ஒருவர் கேட்டால் மேலே சொன்னதெல்லாம் செல்லாது. பி.ஏ. முடித்த ஓர் இளைஞர், வேலை இல்லை, ஆறு மாதம் முழுநாளும் படிக்கத் தயார், சென்னையில் வேலை வேண்டும். அவரிடம் இருப்பது ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். அக்காவுக்கு வீண் என்று சொன்ன சிஎஸ்50 அவருக்கு நல்ல தொடக்கம். கடினமாக இருந்தாலும் நேரம் இருக்கிறது. மொழியை அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது; வேலை விளம்பரங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னைப் போன்ற புதியவர்களை எடுக்கும் முப்பது விளம்பரங்களை எடுத்து, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல், பைத்தான் என்று எது எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணினாலே ஒரு மாலையில் பதில் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பையன் விளையாட்டு செய்யக் கேட்கிறான் என்றால் ஸ்கிராட்ச். கணினியே இல்லை, கையில் ஆண்ட்ராய்டு போன் மட்டும் என்பவருக்குப் பைடிராய்டு போன்ற செயலியில் பைத்தான் ஓடும். இருபது, முப்பது வரி வரை சௌகரியம், அதற்கு மேல் விரல் வலிக்கும்.

‘எனக்கு என்ன வேணும்னே தெரியலையே’ என்பவரும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்களின் நிலை அதுதான். அவரிடம் குறிக்கோளைக் கேட்டு நச்சரிப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு அடங்கும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். பாடநூலின் இரண்டு அத்தியாயம், ஒரு சின்னக் கணக்கு. அதில் எந்த இடத்தில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்தார், எங்கே எழுந்து போனார் என்பது அடுத்த உரையாடலுக்குப் போதும்.

அக்காவுக்கு மூன்றாவது மாதம் வரும் சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம். பதிவேட்டையும் 2பி-யையும் `merge` என்ற கட்டளையால் சேர்க்கிறார். பதிவேட்டில் 412 வரி. சேர்த்த பிறகு எண்ணினால் 437. இருபத்தைந்து பில் எங்கிருந்து முளைத்தது? இப்போது அவர் தம்பிக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “பழைய மாதக் கோப்புதான். ஜிஎஸ்டி எண், க்ளீன் பண்ணின பில் எண் ரெண்டையும் வெச்சு சேர்த்தேன். 412 வரி 437 ஆயிடுச்சு. ரெண்டு வரி விகிதம் இருக்கிற பில்லைப் பையன் ரெண்டு வரியா போட்டிருக்கான், 2பி-லயும் சில பில் ரெண்டு வரியா இருக்கு. அதனாலயா?”

அதனால்தான். ஒரு பக்கம் இரண்டு வரி, மறுபக்கம் இரண்டு வரி என்றால் `merge` ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்த்து நான்காக்கும். சேர்ப்பதற்கு முன் இரண்டு கோப்பிலும் பில் வாரியாக வரித் தொகையைக் கூட்டி, ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று சுருக்கிவிட வேண்டும். பாண்டாஸில் அதற்கு `groupby` என்று ஒன்று இருக்கிறது. எக்செல்லில் அக்கா தினமும் போடும் பிவட் டேபிள் செய்கிற அதே வேலை.